முகச் சாயல் லோராவும் பாணி லோராவும்: இரண்டையும் சேர்க்கும்போது முகம் குழம்பாமல் பார்த்துக்கொள்வது எப்படி

படம் வரையும் செயற்கை நுண்ணறிவு மாடலுக்கு ஒரு முகத்தையோ பாணியையோ கூடுதலாகக் கற்றுக்கொடுக்கும் சிறு கோப்புதான் லோரா. ஒருவரின் முகச் சாயலுக்கு ஒரு லோரா, ஓவியப் பாணிக்கு இன்னொரு லோரா. தனித்தனியாகப் போட்டால் இரண்டும் அருமையாக வேலை செய்யும். ஒன்றாகப் போட்டவுடன் கண் இமைக்கோடு கரைந்துவிடும், மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே சாம்பல் படியும், ஆள் யாரென்றே தெரியாது. புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். எடைகளைக் கண்மூடித்தனமாகக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் நாள் முழுக்கப் போகும். ஒழுங்கான வரிசையில் சோதித்தால் ஒரே மாலையில் சரியான இடத்தைப் பிடித்துவிடலாம்.

இங்கே ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். திருவல்லிக்கேணியில் ஒரு தாத்தாவுக்கு மணிவிழா. அழைப்பிதழின் முகப்பில் அவருடைய படம் அண்ணா சாலையின் பழைய கையோவிய சினிமா பேனர் பாணியில் வர வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். தாத்தாவுக்குக் கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, அடர்ந்த வெள்ளை மீசை, இடது கன்னத்தில் மச்சம், நெற்றியில் விபூதி. அவருடைய சம்மதத்தோடு, குடும்பப் புகைப்படங்களிலிருந்து பயிற்சி கொடுத்த சாயல் லோரா `mukam` என்ற பெயரில் இருக்கிறது. பேனர் ஓவியங்களிலிருந்து செய்த பாணி லோரா `banner`. இரண்டும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல் என்ற படம் வரையும் மாடலுக்கு உரியவை. சம்மதம் இல்லாத யாருடைய சாயலையும் இந்த முறையில் செய்யாதீர்கள். பேனர் என்றதும் நடிகர்களின் முகத்தில் செய்து பார்க்கத்தான் கை துறுதுறுக்கும், அதையும் விட்டுவிடுங்கள்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது

லோரா என்பது தனி மாடல் இல்லை. அடிப்படை மாடலின் எடைகளில் எங்கே எவ்வளவு மாற்ற வேண்டும் என்ற திருத்தக் குறிப்புதான் அது. இரண்டு லோராக்களைப் போட்டால் இரண்டு திருத்தங்களும் ஒரே எடைகளின் மேல் கூட்டப்படுகின்றன:

```
W' = W + a·ΔW(mukam) + b·ΔW(banner)
```

இங்கே W என்பது மாடலின் உள் எடைகள், a-வும் b-யும் ஒவ்வொரு லோராவுக்கும் நாம் கொடுக்கும் எடை. இதிலிருந்து மூன்று விஷயங்கள் புரியும். ஒன்று, எதை முதலில் எழுதினீர்கள் என்பதால் எந்த வித்தியாசமும் வராது, கூட்டலுக்கு வரிசை கிடையாது. இரண்டு, ஒரு கோப்பின் 0.8-ஐ இன்னொரு கோப்பின் 0.8-ஓடு ஒப்பிட முடியாது. பயிற்சி கொடுத்தவர் எவ்வளவு அழுத்திக் கொடுத்தார் என்பதைப் பொறுத்து ஒன்றின் 0.5 இன்னொன்றின் 1.0-ஐ விடப் பலமாக இருக்கலாம். ஆகவே ‘இரண்டும் சேர்ந்து 1-ஐத் தாண்டக் கூடாது’ என்று பலரும் சொல்வதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்றாவதுதான் முக்கியம். பேனர் ஓவியங்களில் பெரும்பகுதி முகங்கள்தான். எனவே பாணி லோரா தூரிகையை மட்டும் கற்றிருக்காது, மீசையையும் தாடையையும் கண்ணையும் சேர்த்தே கற்றிருக்கும். ஒரே பலகையில் இரண்டு ஓவியர்கள் இரண்டு வெவ்வேறு ஆட்களின் முகத்தை ஒரே நேரத்தில் வரைந்தால் என்ன வருமோ, அதுதான் அந்தக் குழம்பிய முகம்.

முதலில் இது எடைப் பிரச்சினைதானா என்று பாருங்கள்

எடையைத் தொடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. எடைகள் அதே, படம் எங்கிருந்து தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணான சீட்டும் அதே. பிராம்ப்டில் மட்டும் ஒரு முறை ‘முழு உருவம்’ என்றும் ஒரு முறை ‘தோளுக்கு மேல் நெருக்கமாக’ என்றும் மாற்றி இரண்டு படம் எடுங்கள். நெருக்கப் படத்தில் முகம் தெளிவாக இருந்து, முழு உருவத்தில் மட்டும் குழம்பினால், எடையில் குற்றமில்லை. முகத்துக்குக் கிடைத்த இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

காரணம் எளிது. மாடல் படத்தை நேரடியாக வரைவதில்லை. நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய வடிவத்தில் வேலை செய்துவிட்டு, கடைசியில்தான் விரிக்கிறது. 832×1216 அளவுப் படத்தில் நின்றுகொண்டிருக்கும் தாத்தாவின் முகம் ஏறக்குறைய 110 பிக்சல் உயரம் இருக்கும். சுருங்கிய வடிவத்தில் அது வெறும் 14 கட்டங்கள். மூன்று பிக்சல் தடிமனுள்ள கண்ணாடிச் சட்டத்துக்கு அங்கே ஒரு முழுக் கட்டம்கூடக் கிடைக்காது. எந்த எடையை வைத்தாலும் அது உருகித்தான் வரும். இதற்கு மருந்து வேறு, பின்னால் வருகிறது.

இரண்டு லோராக்களும் எந்தச் செக்பாயிண்டின், அதாவது எந்த அடிப்படை மாடல் கோப்பின், மேல் பயிற்சி பெற்றவை என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். எக்ஸ்எல் என்ற பெயர் மட்டும் போதாது. `Pony`, `Illustrious` போன்றவை எக்ஸ்எல்லிலிருந்து கிளைத்தவைதான், ஆனால் வெகுதூரம் விலகிப் போனவை. சாயலை மூல எக்ஸ்எல்லிலும் பாணியை அவற்றில் ஒன்றிலும் பழக்கியிருந்தால், கோப்பு பிழையில்லாமல் ஏறும், படமும் வரும், முகம் மட்டும் ஒட்டாது.

சாயலை மட்டும் போட்டு அளவெடுங்கள்

இனி அமைப்புகளைப் பூட்டிவிடுங்கள்: 832×1216, 30 ஸ்டெப், `DPM++ 2M Karras`, பிராம்ப்டை எவ்வளவு கறாராகப் பின்பற்ற வேண்டும் என்று சொல்லும் சி.எஃப்.ஜி 6, நான்கு நிலையான சீட்கள். இந்த வேலை முடியும்வரை இவற்றைத் தொடக் கூடாது. சி.எஃப்.ஜியை 10-க்கு மேல் ஏற்றினால் நிறம் எரிந்து, தோலில் கறைபோல் படியும். அதைப் பார்த்து லோராவின் தவறு என்று நினைத்துவிடுவோம்.

பாணி லோராவை எடுத்துவிட்டு, `mukam`-ஐ மட்டும் 0.5, 0.6, 0.7, 0.8, 0.9, 1.0 என்று ஏற்றிப் பாருங்கள். தோளுக்கு மேல் நெருக்கப் படமாகவே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேட வேண்டியது, நான்கு சீட்களிலும் ஆளை அடையாளம் தெரியும் *மிகக் குறைந்த* எடை. மிக அழகான படம் வரும் எடையைத் தேடினால் 1.0-இல் போய் நிற்பீர்கள், பிறகு பாணிக்கு இடமே இருக்காது. அடையாளம் தெரிகிறதா என்பதைத் தாத்தாவுடன் ஒரே வீட்டில் இருப்பவரிடம் படத்தைக் காட்டித் தீர்மானிப்பது நல்லது. வாரக்கணக்கில் அதே படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண், மச்சம் இருந்தாலே போதும் என்று ஏமாந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் 0.6-இல் ‘யாரோ ஒரு பெரியவர்’ வருகிறார், 0.7-இல் அவருடைய தம்பி மாதிரி, 0.8-இல் தாத்தாவேதான். 0.8-ஐக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாணியை மட்டும் போட்டுச் சோதியுங்கள்

இப்போது `mukam`-ஐ எடுத்துவிட்டு, பிராம்ப்டில் பொதுவாக ‘வயதான மனிதர்’ என்று மட்டும் எழுதி, `banner`-ஐ 0.3-இலிருந்து 1.0 வரை ஏற்றுங்கள். இங்கே இரண்டு கேள்விகள்.

முதல் கேள்வி, தூரிகைத் தீற்றல் எந்த எடையில் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது? நம் கோப்பில் 0.4-இல் வண்ணங்கள் மாறுகின்றன, 0.6-இல் தீற்றல் துணிச்சலாக வருகிறது.

இரண்டாவது கேள்வி பெரியது. நான்கு சீட்களிலும் ஒரே ஆள் வருகிறாரா? வெவ்வேறு சீட்டுக்கு வெவ்வேறு கிழவர்கள்தான் வர வேண்டும். எல்லாப் படத்திலும் அதே அகன்ற தாடை, அதே சுருட்டை முடி, அதே கறுப்பு மீசை என்றால், பாணி லோராவுக்குள் ஒரு முகம் குடியிருக்கிறது. அதுதான் பின்னால் தாத்தாவின் முகத்தோடு சண்டை போடப்போகிறது. அந்த முகம் எந்த எடையில் தலைகாட்டத் தொடங்குகிறது என்பதைக் குறித்துவையுங்கள். நம்முடையதில் 0.5.

தோல் நிறத்தையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். பாணி லோராவின் எடை ஏற ஏறக் கறுத்த முகம் வெளுத்து இளஞ்சிவப்பாகிறதா? அப்படியானால் பிராம்ப்டில் நிறத்தைத் தெளிவாக எழுதியே ஆக வேண்டும். நம் ஊர் ஆளை வெளுப்பாக்கி அழைப்பிதழில் போடுவது சாயலைக் கெடுப்பதில் முதல் படி. எல்லா உறுப்பும் சரியாக இருந்தும் ‘இது அவர் இல்லையே’ என்று வீட்டார் சொன்னால், பாதி நேரம் காரணம் நிறம்தான்.

இரண்டையும் சேர்த்து அட்டவணை போடுங்கள்

`AUTOMATIC1111` இடைமுகத்தில் `Script` பட்டியலில் `X/Y/Z plot` இருக்கிறது. பிராம்ப்ட் இப்படி (`mkmthatha`, `bnrpaint` இரண்டும் அந்தந்த லோராவின் தூண்டுசொற்கள்):

```
mkmthatha, elderly man, dark brown skin, black-framed glasses,
white moustache, hand-painted cinema banner, bnrpaint
<lora:mukam:0.7> <lora:banner:0.3>
```

`X type`, `Y type` இரண்டுக்கும் `Prompt S/R` தேர்ந்தெடுத்து, மதிப்புகளை இப்படிக் கொடுங்கள்:

```
X: mukam:0.7, mukam:0.8, mukam:0.9
Y: banner:0.3, banner:0.4, banner:0.5, banner:0.6
```

பட்டியலில் முதலில் இருப்பது பிராம்ப்டில் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். அதைத்தான் தேடி மாற்றுகிறது, இல்லையென்றால் பிழை காட்டும். சீட் ஒன்றுக்குப் பன்னிரண்டு படங்கள், நான்கு சீட்டுக்கு நாற்பத்தெட்டு. `ComfyUI`-இல் வேலை செய்கிறவர்கள் `Load LoRA` முனைகள் இரண்டைத் தொடராக இணைத்து, `strength_model`, `strength_clip` இரண்டு மதிப்புகளையும் ஒன்றுபோல மாற்றி இதையே செய்யலாம்.

அட்டவணையைச் சிறிதாக வைத்துப் பார்க்காதீர்கள். சிறு படத்தில் எல்லா முகமும் நன்றாகத்தான் தெரியும். ஒவ்வொன்றையும் முழு அளவில் திறந்து நான்கு இடங்களை மட்டும் பாருங்கள்: மேல் இமையின் கோடு, மூக்கின் மேல் உட்காரும் கண்ணாடிப் பாலம், மூக்கின் ஓரம் கன்னத்தோடு சேரும் மடிப்பு, உதட்டின் முனை. குழப்பம் முதலில் தொடங்குவது இங்கேதான்.

பேனர் பாணியில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அந்த ஓவியர்கள் முகத்தின் நிழலுக்குக் கறுப்போடு நிற்கவில்லை. நீலம், ஊதா, பச்சை என்று துணிந்து அடித்தார்கள், வெளிச்சம் விழும் பக்கத்தில் ரோஜாவும் மஞ்சளும். ஆகவே முகத்தில் நிறம் இருப்பதாலேயே குழம்பிவிட்டது என்று சொல்ல முடியாது. ஓரத்தைப் பாருங்கள். நல்ல தீற்றலுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, கன்ன எலும்பின் வளைவைப் பின்பற்றி ஓடும், நிறம் சுத்தமாக இருக்கும். குழம்பிய இடத்தில் நிறம் சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும், ஓரம் தேய்ந்திருக்கும், முகத்தின் வடிவத்துக்குச் சம்பந்தமில்லாத திசையில் பரவும், இரண்டு கண்களும் இரண்டு அளவில் இருக்கும்.

நம் அட்டவணை சொல்வது இது, முதல் எண் சாயலின் எடை, இரண்டாவது பாணியின் எடை. 0.8/0.3-இல் தாத்தா சரியாக இருக்கிறார், ஆனால் வண்ணம் பூசிய புகைப்படம் போல் இருக்கிறது. 0.8/0.4-இல் பாணி பாதி வந்திருக்கிறது, முகம் சுத்தம். 0.8/0.6-இல் சட்டை, பின்னணி, எழுத்துப் பட்டை எல்லாம் பேனரேதான், ஆனால் கண்ணாடிப் பாலம் புருவத்தில் கரைந்து மீசை பாதி கறுத்துவிட்டது. பாணிக்குள் இருந்த அந்த இன்னொரு முகம் எட்டிப் பார்க்கிறது. அதை அமுக்க 0.9/0.6-க்குப் போனால் முகம் தெளிவதற்குப் பதில் சுருக்கங்கள் மண்ணில் கீறியதுபோல் ஆகி, நிறம் எரிகிறது. புதியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். முகம் குழம்பினால் சாயலை ஏற்றத் தோன்றும். சண்டை நடக்கும் எடைகளில் இரண்டு பக்கமும் பலம் கூடினால் சண்டைதான் பெரிதாகும். குழம்பினால் பாணியைக் குறையுங்கள். சாயலை அதன் 0.8-லேயே விடுங்கள்.

ஆக, 0.8/0.45 என்று வைத்துக்கொள்வோம். 0.4-க்கும் 0.5-க்கும் நடுவே 0.05 வித்தியாசத்துக்கு மேல் நுணுக்கமாகத் தேடிப் பயனில்லை, சீட் மாறினாலே அதைவிடப் பெரிய வித்தியாசம் வரும். இனி விட்டுப்போன பாணியை வேறு வழியில் மீட்க வேண்டும்.

பாணியை முகத்தைத் தொடாமல் ஏற்றுவது

எக்ஸ்எல் மாடலின் உள்ளே எல்லா அடுக்குகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. 2024-இல் வந்த பி-லோரா என்ற ஆய்வு, மாடலின் விரியும் பகுதியான `up`-இன் முதல் பிளாக்கில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு அட்டென்ஷன் அடுக்குகளில் முதலாவது உருவத்தையும் இரண்டாவது பாணியையும் பெரும்பாலும் தாங்குகின்றன என்று காட்டியது. நமக்கு அது போதும். பாணி லோராவை அந்த இரண்டாவது அடுக்கில் பலமாகவும் மற்ற இடங்களில் மெல்லவும் போட்டால், தூரிகை வரும், அந்நிய முகம் அடங்கும். `diffusers` என்ற பைத்தான் நூலகத்தில், இரண்டு லோராக்களையும் இதே பெயர்களில் `pipe`-இல் ஏற்றிய பிறகு, இதை நேரடியாக எழுதலாம்:

```python
pipe.set_adapters(
    ["mukam", "banner"],
    adapter_weights=[
        0.8,
        {"unet": {
            "down": 0.2, "mid": 0.2,
            "up": {"block_0": [0.2, 0.9, 0.2],
                   "block_1": 0.4}}},
    ],
)
```

`block_0`-இன் நடு எண்தான் நாம் ஏற்ற வேண்டியது. 0.7, 0.9, 1.1 என்று மூன்று படம் எடுத்துப் பாருங்கள். 1.1-இல்கூட முகம் நிற்பது உண்டு, ஏனென்றால் மற்ற இடங்களில் எடை வெறும் 0.2, 0.4தான். `block_1`-ஐ முற்றிலும் பூஜ்யமாக்க வேண்டாம், நுண்ணிய தீற்றலின் சொரசொரப்புக்கு அது உதவுகிறது. ஒரு வரம்பும் இருக்கிறது. முழு மாடலிலும் பரவலாகப் பயிற்சி பெற்ற பாணி லோராவில் பாணி ஒரே அடுக்கில் அடங்கியிருக்காது, அதனால் பேனரின் அமைப்பும் எழுத்துப் பட்டையும் கொஞ்சம் பலவீனமாகும். அவற்றைப் பிராம்ப்டில் சொல்லி வரவழைத்துக்கொள்ளலாம். முகத்தை விட்டுக்கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சிறிய முகத்துக்கு இரண்டாம் சுற்று

முழு உருவப் படம்தான் வேண்டும் என்றால், முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி மறுபடி வரைந்து ஒட்ட வேண்டும். `ADetailer` நீட்சி இதைத் தானாகச் செய்யும். முகத்தைக் கண்டுபிடிக்க `face_yolov8n.pt` போதும். வேலை அளவை 1024×1024 என்று தனியாகக் கொடுங்கள், 14 கட்டங்களில் இருந்த முகத்துக்கு இப்போது பல மடங்கு இடம் கிடைக்கும்.

இந்தச் சுற்றுக்குத் தனிப் பிராம்ப்ட் எழுதுங்கள். காலியாக விட்டால் முதன்மைப் பிராம்ப்டே ஓடும், பாணியின் முழு எடையும் மறுபடி முகத்தின் மேல் விழும். தனியாக எழுதும்போது லோராக்களையும் அதில் எழுத மறக்காதீர்கள்:

```
mkmthatha, elderly man, dark brown skin, black-framed glasses,
white moustache, painted face
<lora:mukam:0.8> <lora:banner:0.25>
```

`Inpaint denoising strength` 0.4-இல் தொடங்குங்கள், 0.3-க்கும் 0.45-க்கும் இடையே வைத்திருங்கள். 0.25-க்குக் கீழே போனால் பழைய குழப்பத்தின் மேல் மெருகு மட்டும் ஏறும். 0.5-ஐத் தாண்டினால் ஓவியத்தின் மேல் புகைப்படத் தலையை வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடும். கழுத்துக்கும் தாடைக்கும் நடுவே பாருங்கள், கழுத்தில் தீற்றல் இருந்து தாடையில் இல்லையென்றால் பாணியை 0.25-இலிருந்து 0.35-க்கு ஏற்றுங்கள். முகம் ஏற்கெனவே பெரிதாக இருக்கும் நெருக்கப் படத்துக்கு இந்தச் சுற்றே வேண்டாம், இருக்கும் நல்ல தீற்றலைத்தான் அது வழித்துவிடும்.

எந்தக் கட்டத்திலும் சரியாக வராவிட்டால்

சில நேரம் அட்டவணை முழுக்க ஒரு நல்ல முகமும் இருக்காது. பாணியை 0.4-க்குக் குறைத்தாலே காணாமல்போகிறது, 0.45-இல் முகம் கலைகிறது. அப்போது பாணியைச் சந்தேகிக்காமல் சாயல் லோராவைச் சந்தேகியுங்கள். `mukam` மட்டும் 0.8, பிராம்ப்டில் ‘பென்சில் கோட்டோவியம்’ என்று எழுதிப் பாருங்கள். பாணி லோரா எதுவும் இல்லாமலேயே மாடலுக்குப் பென்சில் ஓவியம் தெரியும். தாத்தா கோட்டோவியமாக வந்தால் கோப்பு நன்றாக இருக்கிறது. அப்போதும் புகைப்படமாகவே, அதே வரவேற்பறைச் சுவரோடும் அதே வெள்ளைச் சட்டையோடும் வந்தால், பயிற்சி அளவுக்கு மீறிவிட்டது. கோப்பு முகத்தோடு சேர்த்துப் புகைப்படத்தின் ஒளியையும் மனப்பாடம் செய்திருக்கிறது. எந்தப் பாணியும் அதை அசைக்க முடியாது.

பயிற்சிப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு முறை கடக்கும் சுற்றுக்கு இபாக் என்று பெயர். பயிற்சியின்போது ஒவ்வொரு இபாக்கிலும் கோப்பைச் சேமித்திருந்தால் மறுபயிற்சி தேவையில்லை. கடைசிக் கோப்பை விட்டுவிட்டு இரண்டு, மூன்று இபாக் முந்தையதை எடுத்து அதே பென்சில் சோதனையை ஓட்டுங்கள். பென்சிலுக்கு இணங்கி, முகமும் நிற்கும் முதல் கோப்பை எடுத்துக்கொண்டு, சாயலை மட்டும் அளவெடுக்கும் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். முந்தைய இபாக்குக்கு எடை கொஞ்சம் கூடுதலாக, 0.9 அல்லது 1.0 தேவைப்படும். எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அந்தக் கோப்பின் திருத்தம் மெல்லியது. அதனால் அதன் 1.0-இன் மேலும் பேனர் 0.5 நிம்மதியாக உட்காரும்.